விடுப்புக் கடிதத்தில் ஷரத்தைக் காட்டுவதா, வேண்டாமா?

கோவையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மருத்துவமனை கொடுத்திருக்கும் தேதி மார்ச் 9, திங்கட்கிழமை. அன்று தொடங்கி 26-ஆம் தேதி வியாழன் வரை அவருக்கு விடுப்பு வேண்டும். சனி, ஞாயிறு விடுமுறை போக 14 வேலை நாட்கள். அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு 31 நாள் இருக்கிறது. ஆகவே கையிருப்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை மாதத்தில்தான். மார்ச் 31-ல் கணக்கு ஆண்டு முடிகிறது, கணக்குப் பிரிவு மேலாளர் எவரும் அந்த மாதத்தில் ஆளை விட மனம் வைப்பதில்லை.

இது நான் சொல்ல வந்ததற்காகப் புனைந்த நேர்வுதான். ஆனால் மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து விடுப்புக் கடிதங்களைப் படித்தவர்களுக்கு இதன் ஒவ்வொரு அம்சமும் பழக்கமானதாக இருக்கும். நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையும் ஊரில் வழக்கமாகக் காணும் அச்சுதான். அதில் நமக்கு வேண்டிய பகுதி இவ்வளவே.

4.1: ஊழியருக்கு ஆண்டுக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு.
4.3: மூன்று நாளுக்கு மேற்பட்ட விடுப்புக்கு 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே தொடர்ச்சியில் 10 வேலை நாட்களுக்கு மேல் வழங்கப்பட மாட்டாது.
4.4: பணி நெருக்கடியை முன்னிட்டு நிர்வாகம் விடுப்பை மறுக்கவோ தள்ளிவைக்கவோ செய்யலாம்.
4.6: ஊழியர், அவருடைய வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் அல்லது பெற்றோர் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் நேர்வில் 4.3-ல் சொன்ன முன்னறிவிப்பும் நாள் வரம்பும் பொருந்தா. மருத்துவமனைச் சான்றை விடுப்பு தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.
4.7: மார்ச் 31 அன்று 30 நாளுக்கு மேல் மிஞ்சும் ஈட்டிய விடுப்பு காலாவதியாகும்.

இதை வைத்துக்கொண்டு கடிதத்தை நான்கு விதமாக எழுதலாம். ஷரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் எழுதுவது ஒன்று. ‘கொள்கைப் பிரிவு 4.6-ன்படி’ என்று எண்ணை மட்டும் குறிப்பிடுவது இன்னொன்று. ஷரத்தின் வாசகத்தையே எடுத்து எழுதி, அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் நம் நேர்வைப் பொருத்திக் காட்டுவது மூன்றாவது. கொள்கையை விட்டுவிட்டுச் சட்டத்தைக் கையில் எடுப்பது நான்காவது.

முதல் வழியை ஏளனம் செய்யக் கூடாது. நம் அலுவலகங்களில் பெரும்பாலான விடுப்பு அப்படித்தான் கிடைக்கிறது. ‘தங்கை நிச்சயதார்த்தம், இரண்டு நாள் விடுப்பு வேண்டும் ஐயா’ என்ற ஒற்றை வரிக்கு எந்த மேலாளரும் கொள்கைக் கையேட்டைப் புரட்டுவதில்லை. கிடைக்கப் போகிற விடுப்புக்கு ஷரத்தை இழுத்தால், ‘இவருக்கு என் மேல் என்ன சந்தேகம்?’ என்ற கேள்விதான் அவர் மனத்தில் முதலில் எழும். தற்செயல் விடுப்பு, ஒன்றிரண்டு நாள் மருத்துவ விடுப்பு ஆகியவற்றுக்குத் தேதியும் காரணமும் போதும்.

ஆனால் நம் நேர்வில் அது போதாது. வரம்பு 10 நாள், கேட்பது 14 நாள். மேலாளருக்கு மனம் இருந்தாலும் மென்பொருளில் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தியதும் மனிதவளப் பிரிவிலிருந்து ‘10 நாள் வரம்பைத் தாண்டுகிறதே’ என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை மேலாளர் தலையில் கட்டினால், எளிதான வழியாகப் பத்து நாளுக்குக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். ஷரத்தைக் காட்டுவது அவரை மடக்குவதற்காக அல்ல. அவர் மேலே பதில் சொல்ல ஒரு பிடி கொடுப்பதற்காக. வரம்பைத் தாண்டும் கோரிக்கை, விதிவிலக்கை நம்பி எழும் கோரிக்கை, கடிதத்தைப் படிப்பவர் ஒருவராகவும் முடிவு செய்பவர் வேறொருவராகவும் இருக்கும் கோரிக்கை, இந்த மூன்றிலும் ஷரத்து வேண்டும். மற்றபடி அது கடிதத்துக்குப் பாரம்.

எண்ணை மட்டும் குறிப்பிடும் இரண்டாவது வழி பார்ப்பதற்கு அடக்கமாக இருக்கும். சின்ன நிறுவனத்தில், கொள்கையை எழுதியவரே கடிதத்தையும் படிப்பார் என்றால் அது சரியாகவும் இருக்கும். பெரிய இடத்தில் அப்படி நடப்பதில்லை. ‘4.6’ என்று கண்டதும் யாரும் எழுந்துபோய் கையேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்கள் பார்க்கும் பதிப்பு வேறாக இருக்கலாம். கொள்கையைத் திருத்தும்போது நடுவில் ஒரு பிரிவு நுழைந்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். பழைய பிரதியைப் பார்த்து நாம் 4.6 என்று எழுத, புதிய பிரதியில் அந்த இடத்தில் ஈடுசெய் விடுப்பு உட்கார்ந்திருக்கும். படிப்பவர் ‘சம்பந்தமே இல்லையே’ என்று ஒதுக்கிவிடுவார். எண்ணோடு கொள்கையின் பெயரும் அது நடைமுறைக்கு வந்த தேதியும் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. கையேட்டின் முதல் பக்கத்திலோ ஒவ்வொரு பக்கத்தின் அடியிலோ அந்தத் தேதி இருக்கும்.

மூன்றாவது வழியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஷரத்தை எடுத்து எழுதுவது எளிது. அது நமக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று கணிப்பதுதான் கடினம். மேலே உள்ள 4.6-ஐ இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அது விலக்கு அளிப்பது 4.3-க்கு மட்டும். 4.4-ஐப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதாவது அம்மா மருத்துவமனையில் இருந்தாலும், பணி நெருக்கடி என்று சொல்லி விடுப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் அப்படியே இருக்கிறது. மார்ச் மாதக் கணக்குப் பிரிவுக்கு அதைவிடச் சுலபமான காரணம் கிடைக்குமா? ‘4.6-ன்படி எனக்கு 14 நாள் கிடைத்தே ஆக வேண்டும்’ என்று எழுதினால், பதிலில் ஒற்றை வரியாக 4.4 வரும். நாம் காட்டிய கையேட்டின் அதே பக்கத்திலிருந்து வரும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ‘உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் நேர்வில்’ என்கிறது ஷரத்து. மூட்டு மாற்று சிகிச்சைக்கு மருத்துவமனையில் இருப்பது சில நாட்கள்தான். மீதி நாட்கள் வீட்டில், நடக்கப் பழகும் காலம். அந்த நாட்களுக்கும் 4.6 பொருந்துமா? பொருந்தும் என்று வாதிடலாம். ‘நேர்வு’ என்பது சேர்க்கை மட்டுமல்ல, அதைத் தொடர்ந்து வரும் தேவையும்தான் என்று சொல்லலாம். மறுதரப்பும் அதே அளவு நியாயத்தோடு மறுக்கலாம். இப்படி இரண்டு பொருள் தரும் இடத்தில் முழு எடையையும் ஷரத்தின் மேல் ஏற்றுவது விவேகமல்ல. மருத்துவரிடமே, வீடு திரும்பிய பின் இத்தனை நாள் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் வாதமே தேவைப்படாது. மருத்துவமனையில் சேர்க்கும் தேதிக்கான கடிதம் கேட்கும்போதே இதையும் கேட்டால் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு நன்மையும் இருக்கிறது. சிகிச்சைத் தேதி முன்கூட்டியே தெரிந்ததால் அவர் பிப்ரவரி 12-லேயே விண்ணப்பிக்கிறார். மார்ச் 9-க்கு இடையில் 25 நாள் இருக்கிறது. ஆக 15 நாள் முன்னறிவிப்பு என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதிலிருந்து விலக்கு கேட்கவே வேண்டியதில்லை. 4.6-லிருந்து அவருக்கு வேண்டியது நாள் வரம்பு விலக்கு மட்டும், அதுவும் நான்கே நாளுக்கு. இதைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் கேட்பது பெரிதாகத் தோன்றாது. பலர் செய்யும் தவறு இங்கேதான். ஷரத்தில் உள்ள சலுகைகள் அனைத்தையும் வரிசையாகக் கேட்டுவிடுகிறார்கள், தேவைப்படாதவற்றையும் சேர்த்து.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடிதம் இப்படி அமையும். உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கமானால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மேற்கோள் மட்டும் கையேட்டில் உள்ள மொழியிலேயே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும்.

பொருள்: ஈட்டிய விடுப்பு, மார்ச் 9 முதல் 26 வரை, 14 வேலை நாட்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாயாருக்கு மார்ச் 9 அன்று மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலும் வீடு திரும்பிய பின்னும் அவருடன் இருக்க, மேற்கண்ட 14 நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் 31 நாள் இருப்பு உள்ளது.

இந்த விண்ணப்பத்தை 15 நாள் முன்னறிவிப்புக்கு உட்பட்டே அளிக்கிறேன். தொடர் விடுப்பு வரம்பான 10 நாளை இது நான்கு நாள் தாண்டுகிறது. அதற்கு விடுப்புக் கொள்கையின் பிரிவு 4.6-ஐச் சுட்ட விரும்புகிறேன்: “ஊழியர், அவருடைய வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் அல்லது பெற்றோர் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் நேர்வில் 4.3-ல் சொன்ன முன்னறிவிப்பும் நாள் வரம்பும் பொருந்தா.” சேர்க்கைத் தேதியும், வீட்டில் துணை தேவைப்படும் காலமும் குறித்த மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். சேர்க்கைச் சான்றை மார்ச் 11-க்குள் அனுப்பிவிடுவேன்.

ஆண்டு இறுதிப் பணி நெருக்கடியை அறிவேன். பிப்ரவரி வரையிலான வங்கிச் சரிபார்ப்பை மார்ச் 6-க்குள் முடித்துத் தருகிறேன். விற்பனையாளர் நிலுவைப் பட்டியலை என் பிரிவில் உள்ள இன்னொருவர் பார்த்துக்கொள்ள இசைந்துள்ளார். மார்ச் 27 முதல் 31 வரை முழு நேரமும் பணியில் இருப்பேன்.

இப்படிக்கு,

இந்தக் கடிதத்தில் 4.4 என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் கடைசிப் பத்தி முழுவதும் 4.4-க்கான பதில்தான். நமக்கு எதிரான ஷரத்தை நாமே பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. அது எழுப்பக்கூடிய கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்துவிட வேண்டும். எண்ணோடு சுட்டுவது நமக்கு ஆதரவான ஷரத்தை மட்டும். அதே சமயம் அதன் வாசகத்தை நடுவில் வெட்டக் கூடாது. ‘அவருடைய வாழ்க்கைத் துணை, பிள்ளைகள்’ என்பதை விட்டுவிட்டு ‘பெற்றோர்’ என்பதை மட்டும் எழுதினால் பெரிய குற்றமில்லை. ஆனால் ‘நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு’ என்ற தொடர் இருந்து அதை விழுங்கிவிட்டு மேற்கோள் காட்டினால், படிப்பவர் கையேட்டைத் திறக்கும் அந்த நிமிடத்தோடு கடிதத்தின் மதிப்பு போய்விடும்.

மார்ச் 11 என்ற தேதியும் சும்மா வந்ததல்ல. விடுப்பு 9-ஆம் தேதி தொடங்குகிறது. அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது வேலை நாள் 11. சேர்க்காமல் எண்ணினால் 12. சந்தேகம் வரும் இடத்தில் முந்தைய தேதியை எழுதிவிடுவது நல்லது. ஷரத்தைக் காட்டி விடுப்பு வாங்கியவர் அதே ஷரத்தின் கெடுவைத் தவறவிட்டால், விடுப்பு சம்பளமில்லா விடுப்பாக மாறும் வாய்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

இணைய வழியில் விண்ணப்பிக்கும் அலுவலகங்களில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் இத்தனை வரிகளைத் திணிக்க முடியாது. அங்கே ‘தாயாருக்கு அறுவை சிகிச்சை, கொள்கை 4.6, கடிதம் மின்னஞ்சலில்’ என்பது போதும். முழுக் கடிதத்தை மேலாளருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கு நகல் போடலாம். நகல் போடுவதற்கு முன் மேலாளரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நம் ஊர் மரியாதை. தனக்குத் தெரியாமல் மேலே போன கடிதமாக அது அவருக்குத் தோன்றிவிட்டால் 4.6-ஐ விட அதுதான் பெரிய விஷயமாகிவிடும்.

இனி நான்காவது வழி. கோபத்தில் இருப்பவர்களை இதுதான் அதிகம் ஈர்க்கிறது. ‘தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 25-ன்படி’ என்று தொடங்கினால் கடிதத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறதே. ஆனால் அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அதைச் சேர்த்துவைத்தால் அதிகபட்சம் 24 நாள். அதற்கு மேல் நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. நோய் என்பது ஊழியரின் நோய்தான், அம்மாவின் நோய் அல்ல. நம் நிறுவனமோ ஆண்டுக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு தருகிறது, 30 நாள் வரை சேர்க்கவும் விடுகிறது. கையில் இருக்கும் கொள்கை சட்டத்தைவிட உயரத்தில் இருக்கும்போது சட்டத்தைச் சுட்டுவது நாமே இறங்கி நிற்பதாகும். மேலும் அந்தச் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. பதவிப் பெயரில் ‘மேலாளர்’ என்று இருப்பவர் பிரிவு 25-ஐச் சுட்டினால், ‘உங்களுக்கு இது பொருந்துமா?’ என்ற புதிய தகராறு ஒன்று தொடங்கும். விடுப்பு அதற்குள் முடிந்துவிடும்.

சட்டத்தைக் காட்டியே ஆக வேண்டிய இடமும் உண்டு. மகப்பேறு விடுப்பு அதற்கு நல்ல உதாரணம். ‘எங்கள் நிறுவனத்தில் 12 வாரம்தான்’ என்றோ ‘இரண்டு ஆண்டு பணி முடித்தவர்களுக்கு மட்டும்’ என்றோ கொள்கையில் எழுதியிருந்தால், கொள்கையை எத்தனை அழகாக மேற்கோள் காட்டியும் பயனில்லை. சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் தருகிறது. அதில் 8 வாரம் வரை பேறுகாலத்துக்கு முன்பே எடுக்கலாம். எதிர்பார்க்கும் பேறு தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருந்தால் போதும். இதைக் குறைக்கும் கொள்கையும் ஒப்பந்தமும் செல்லாது. இங்கே சட்டம் உயரத்தில், கொள்கை தாழ்வில். ஆகவே சட்டத்தைச் சுட்ட வேண்டும். ஆனால் எந்தச் சட்டத்தை? பல ஆண்டுகளாக எல்லோருடைய விரல் நுனியிலும் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020-க்குள் வந்துவிட்டது. உரிமை அதே 26 வாரம்தான். ஆனால் பழைய சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால், சரியான உரிமைக்குத் தவறான ஆதாரம் காட்டியதாகிவிடும். மறுக்க வழி தேடுபவருக்கு அது ஒரு சாக்கு.

கொள்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஆவணம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நியமனக் கடிதம். பெரும்பாலான நியமனக் கடிதங்களில் ‘விடுப்பு, நிறுவனத்தின் அவ்வப்போதைய விதிகளின்படி’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அப்படியானால் அதைச் சுட்டி ஒரு லாபமும் இல்லை. ஆனால் சில பழைய நியமனக் கடிதங்களிலும், வேறு நிறுவனத்திலிருந்து பேசி அழைத்து வரப்பட்டவர்களின் கடிதங்களிலும் நாள் எண்ணிக்கையே எழுதப்பட்டிருக்கும். பொதுக் கொள்கையைப் பின்னால் குறைத்தாலும், உங்களோடு தனியாகக் கையெழுத்திட்ட அந்த எண்ணிக்கையை ஒருதலையாகக் குறைப்பது நிர்வாகத்துக்கு எளிதல்ல. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இக்கொள்கையை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்று இருக்கும். நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுட்ட வேண்டியது நியமனக் கடிதத்தைத்தான், கையேட்டை அல்ல.

அரசு ஊழியர்களின் கதை வேறு. அங்கே விதியைச் சுட்டுவது துணிச்சலே அல்ல, அன்றாட நடை. அதே சமயம் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 7-ஆவது விதியின் முதல் பகுதி அதைத்தான் சொல்கிறது. பொதுப்பணி நெருக்கடி இருந்தால் எவ்வகை விடுப்பையும் மறுக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆகவே ‘எனக்கு உரிமை உண்டு’ என்ற தொனியில் எழுதும் கடிதத்தை அந்த முதல் வரியே சாய்த்துவிடும். ஆனால் அதே விதியின் இரண்டாவது பகுதி ஊழியருக்கு ஓர் அரண். அவர் கேட்ட விடுப்பு வகையை, அவருடைய எழுத்துமூலமான வேண்டுகோள் இல்லாமல் அதிகாரி மாற்ற முடியாது. ஈட்டிய விடுப்பு கேட்டவருக்கு அரைச் சம்பள விடுப்பு என்று போட்டு அனுப்பினால் சுட்ட வேண்டியது இந்தப் பகுதியை. ஒரே விதியின் ஒரு பாதி நம்மைத் தள்ளிவிடுகிறது, இன்னொரு பாதி தாங்கிப் பிடிக்கிறது. எந்தப் பாதி நம் தகராறுக்கு உரியது என்று தெரியாமல் விதி எண்ணை மட்டும் எழுதுபவர்கள் அங்கேயும் நிறையவே இருக்கிறார்கள்.

மீண்டும் கோவைக்கு வருவோம். மூன்றாவது வழியில் எழுதிய கடிதத்துக்குப் பதில் மூன்று விதமாக வரலாம். ஒப்புதல் வந்தால் பேச்சில்லை. ‘பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம்’ என்று வந்தால், அது பேரம். மருத்துவர் கடிதத்தில் உள்ள காலத்தைச் சுட்டி, மீதி நான்கு நாளை வீட்டிலிருந்தபடி அரை நாள் வேலையாகச் செய்யலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஷரத்தைத் திரும்ப எழுதுவதில் பலனில்லை. அது ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது.

‘பணிச்சுமை காரணமாக ஏற்க இயலவில்லை’ என்று ஒற்றை வரியில் வந்தால் சண்டைக்குப் போகத் தேவையில்லை, ஒரு கேள்வி போதும். ‘எந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்படுகிறது என்று தெரிவித்தால், தேதிகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள உதவியாக இருக்கும்’ என்று பணிவாக எழுதலாம். மறுப்புக்குப் பிரிவு எண் எழுத வேண்டும் என்றால் 4.4-ஐ எழுதியாக வேண்டும். எழுதினால், மறுப்பா தள்ளிவைப்பா, தள்ளிவைப்பு என்றால் எந்தத் தேதிக்கு என்று அடுத்த கேள்வி இயல்பாக வரும். தாயின் அறுவை சிகிச்சையை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கச் சொல்லும் மின்னஞ்சலில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட எந்த மேலாளரும் விரும்புவதில்லை. பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும், பேசித் தீர்ந்துவிடும்.

பேசித் தீர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 31 நாள் இருப்பில் 14 போனால் 17. மார்ச் 31-ல் 30-க்கு மேல் மிஞ்சுவது காலாவதியாகும் என்று 4.7 சொல்கிறது. விடுப்பு கிடைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. ஒருவேளை முழுவதுமாக மறுக்கப்பட்டு 31-ஆம் நாள் வீணாகிறது என்றால், மறுத்த மின்னஞ்சலைக் காட்டி, ‘கேட்டும் தரப்படாத விடுப்பு இது. காலாவதிக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்’ என்று மார்ச் முடிவதற்குள் எழுதிக் கேட்க வேண்டும். ஏப்ரல் பிறந்து மென்பொருள் இருப்பைக் குறைத்த பிறகு கேட்டால் திருத்துவதற்கு மேலே இரண்டு மூன்று பேரின் ஒப்புதல் தேவைப்படும். கடிதம் எழுதிய நாளில் நடைமுறையில் இருந்த கொள்கைக் கையேட்டின் பிரதியையும் அப்போதே தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் தேதியில் புதிய பதிப்பு ஏறினால் பழையது அலுவலகத் தளத்தில் தேடினாலும் அகப்படாது.